ஆர்கைவ் செய்த சேனலில் செய்திகள் காணாமல் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

கீழ்வானம்

எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஒரு வாடிக்கையாளருக்கான வேலை முடிந்ததும் ஸ்லாக் அரட்டைச் செயலியில் இருந்த அதன் சேனலை எங்கள் மேலாளர் ஆர்கைவ் செய்தார். "ஆர்கைவ்தானே, எதுவும் போகாது" என்றார். நாங்களும் தலையாட்டினோம். பல மாதம் கழித்து வாடிக்கையாளர் தரப்பில் ஒரு கேள்வி வந்தது: அறிக்கைப் பகுதியை முதல் கட்டத்திலிருந்து எடுத்துவிட யார் ஒப்புக்கொண்டார்கள்?

சேனலைத் திறந்தேன். மேலே போகப் போக, ஓரிடத்தில் உரையாடல் நின்றுவிட்டது. எஞ்சியிருந்த முதல் செய்தி அவர்களுடையது: "சரி, அப்படியே செய்யுங்கள்." எதற்குச் சரி? அதற்கு முந்தைய கேள்வி இல்லை. வடிவமைப்புக் கோப்பு மட்டும் கோப்புப் பட்டியலில் அப்படியே இருந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று மூடினேன். மறுநாள் வந்து பார்த்தபோது அந்தச் "சரி"யும் இல்லை.

நாங்கள் ஸ்லாக்கின் கட்டணத் திட்டத்தில் இருக்கிறோம். இடையில் சட்டப் பிரிவு ஏதோ அமைப்பை 365 நாள் என்று மாற்றியதாகப் பிறகு தெரிந்தது.

நேர்கோடு

ஆர்கைவ் எதையும் அழிக்காது. யாரோ கையால் அழித்திருக்கிறார்கள், உங்களிடம் மறைக்கிறார்கள். இல்லையென்றால் உங்கள் நிறுவனம் உண்மையில் இலவசத் திட்டத்தில் இருக்கும். அதில் 90 நாளுக்கு முந்தையது மறைந்துதான் போகும். பணம் கட்டினால் எல்லாம் திரும்பி வரும். எங்களுக்கு வந்தது. தேவையில்லாமல் பயமுறுத்தாதீர்கள்.

பழைய நிர்வாகி

நேர்கோடு சொல்வதில் பாதி சரி. ஆர்கைவ் அழிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அது காப்பாற்றுவதும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டால் உள்ளே கரையான் வராது என்று நினைப்பது போன்றது அது. புதிதாக யாரும் எழுத முடியாது, உறுப்பினர்கள் வெளியேற்றப்படுகிறார்கள், பழையதைத் தேடிப் படிக்கலாம். அவ்வளவுதான் ஆர்கைவ். செய்தியை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைத் தக்கவைப்புக் கால அமைப்பு முடிவு செய்கிறது. அது சேனல் திறந்திருக்கிறதா, ஆர்கைவ் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை, செய்தியின் வயதைத்தான் பார்க்கிறது.

கீழ்வானம் கண்டது அதன் கைவரிசைதான். 365 நாள் என்றால் எல்லை ஒவ்வொரு நாளும் ஒரு நாள் முன்னோக்கி நகர்கிறது. முதல் நாள் கேள்வி எல்லைக்கு அப்பால் விழுந்தது. மறுநாள் பதிலும் விழுந்தது. கோப்பு தப்பியதற்குக் காரணம், செய்திகளுக்கும் கோப்புகளுக்கும் தனித்தனிக் கால வரம்பு வைக்கலாம். செய்தி வரம்பை மாற்றியவர்கள் கோப்பு வரம்பைத் தொடவில்லை.

கையால் அழித்ததா, தானாக அழிந்ததா என்று கண்டுபிடிப்பது எளிது. கையால் அழித்தால் ஆங்காங்கே ஓட்டை விழும். தக்கவைப்புக் காலம் அழித்தால் ஒரு தேதியில் கத்தி வைத்து வெட்டியது போல இருக்கும். தனிக் கால வரம்பு வைக்காத எந்தச் சேனலிலும் அதற்கு முந்தைய செய்தி இருக்காது. வரம்பைக் குறைத்தால் அது பழைய செய்திகளுக்கும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மறுபடி கூட்டினால் போனது வராது.

இலவசத் திட்டத்தைப் பற்றியும் ஒன்று. 90 நாளுக்கு மேற்பட்டது மறைக்கப்படுகிறது என்பது சரி. ஆனால் 2024 ஆகஸ்ட் 26 முதல் ஓராண்டுக்கு மேற்பட்டதை அழிக்கிறார்கள். உங்களுக்குத் திரும்பி வந்தது அதற்கு முன்பாக இருக்கும்.

மழைநாள்

எனக்கு நேர்ந்தது மைக்ரோசாஃப்ட் டீம்ஸில். புதிதாக வந்த ஒருவர் "இது யாருக்கும் வேண்டாம்" என்று ஒரு சேனலையே நீக்கிவிட்டார். அதே பெயரில் புதிய சேனல் தொடங்கப் போனால், பெயர் ஏற்கெனவே உள்ளது என்று மறுக்கிறது! கண்ணுக்குத் தெரியாத சேனல் எப்படிப் பெயரைப் பிடித்து வைத்திருக்கும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். பிறகுதான் புரிந்தது, நீக்கிய சேனலை 30 நாள் வரை மீட்கலாம். குழுவை நிர்வகிக்கும் பக்கத்தில் நீக்கப்பட்டவை என்ற பட்டியலில் இருந்தது. மீட்டோம், உரையாடல் முழுவதும் வந்தது. ஆகையால் நீக்குவதைக் கண்டு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பழைய நிர்வாகி

மழைநாள், தயவுசெய்து இதை ஸ்லாக்கில் சோதித்துப் பார்க்காதீர்கள். அங்கே நீக்கினால் நீக்கியதுதான், 30 நாள் சலுகை கிடையாது. ஆர்கைவ் செய்த சேனலை மட்டுமே திரும்பத் திறக்கலாம்.

எண் ஏழு

எல்லோரும் செய்தி போய்விட்டதே என்று அழுகிறீர்கள். எனக்குப் போகாததுதான் பிரச்சினை. ஒருவர் வாடிக்கையாளர் பட்டியலையும் ஒரு கடவுச்சொல்லையும் ஒரு சேனலில் போட்டுவிட்டார். சேனலை ஆர்கைவ் செய்து "சரிசெய்தாயிற்று" என்று அறிவித்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தேடலில் "கடவுச்சொல்" என்று தட்டினார், முதல் விடையே அதுதான்! அவர் என்னிடம் அப்பாவியாக, "இதைப் பயன்படுத்தலாமா?" என்று கேட்டார்.

பிறகு சேனலையே நிரந்தரமாக நீக்கினோம். செய்திகள் போயின. பட்டியல் கோப்பு போகவில்லை! சேனலை நீக்கினாலும் அதில் ஏற்றிய கோப்புகள் நீங்காது என்று உறுதிப்படுத்தும் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? ஏற்றியவரின் கோப்புப் பட்டியலில் அது குத்துக்கல்லாக இருந்தது. தனியாக அழித்தோம். கடவுச்சொல்லை முதலிலேயே மாற்றியிருந்தால் இத்தனை ஓட்டம் வேண்டியிருந்திருக்காது.

தொலைவிளக்கு

என் அனுபவம் சிறியது: மேட்டர்மோஸ்ட் அரட்டைச் செயலியில் நீக்கச் சொன்ன சேனல் நீங்க மறுத்தது, அவ்வளவுதான். ஆனால் இதை அறிந்துகொள்ளுங்கள். சொந்த சர்வரில் நடத்துபவர்களுக்கு ஆர்கைவும் அழிப்பும் இரண்டு தனிக் கட்டளைகள்.

```
mmctl channel archive myteam:old-project
mmctl channel delete myteam:old-project
```

இரண்டாவது வேலை செய்ய அமைப்புக் கோப்பில் `EnableAPIChannelDeletion` என்பது `true` ஆக இருக்க வேண்டும். இயல்பாக அது அணைந்தே இருக்கும், அதுதான் எனக்குத் தடையாக நின்றது. அது நல்ல தடை, அகற்றினால் வேலை முடிந்ததும் மறுபடி போடுங்கள். அழித்த பிறகும் பழைய தரவுத்தள நகலில் அந்தச் சேனல் இருக்கும். எண் ஏழு சொன்ன மாதிரியான நிலையில் அந்த நகல்களின் ஆயுளையும் பாருங்கள்.

கீழ்வானத்துக்கு: ஆர்கைவ் செய்யும் முன் அந்தச் சேனலுக்கு மட்டும் தனித் தக்கவைப்புக் காலம் வைக்கச் சொல்லுங்கள். சட்டப் பிரிவு மறுத்தால் ஏற்றுமதி செய்து வையுங்கள். ஸ்லாக்கின் ஏற்றுமதியில் ஒவ்வொரு சேனலும் ஒரு கோப்புறை, ஒவ்வொரு நாளும் ஒரு `.json` கோப்பு. அதில் கோப்புகளின் இணைப்பு மட்டும் இருக்கும், கோப்பு இருக்காது. அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பார்க்கும் தனிச் சேனல்கள் சாதாரண ஏற்றுமதியில் வராது. உங்கள் சேனல் எந்த வகை?

நேர்கோடு

சட்டப் பிரிவு அழிக்கச் சொன்னதை ஏற்றுமதி செய்து மேசைக்குள் வைத்துக்கொள்வதா? பிறகு வழக்கு வந்தால் அந்த நகலையும் கேட்பார்கள். இது யோசனையா, வில்லங்கமா?

கீழ்வானம்

நேர்கோடு கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தொலைவிளக்கு, அது தனிச் சேனல்தான். எங்களிடமிருந்து விலகிப்போன ஒருவருக்குச் சேனல் அறிவிப்புகள் மின்னஞ்சலாகப் போய்க்கொண்டிருந்தன என்று நேற்று கேள்விப்பட்டேன். அந்தப் பழைய அஞ்சல் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறார்களா என்று தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டிருக்கிறேன். மின்னஞ்சலுக்கும் அதே 365 நாளா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.