காபிக்கு வந்த 270ஏ அபராத நோட்டீஸ்: என்ன எழுதினோம், என்ன எழுதாமல் விட்டோம்

நாகலூர் மருமகன்

இது என் மாமனார் விஷயம். ஓய்வுபெற்ற ஆசிரியர். சேலத்தில் வீட்டு வாடகை, பென்ஷன், அதோடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் 30 ஏக்கர் காபி. பல வருஷமாக மரத்திலிருந்து பறித்த பழத்தை அப்படியே வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுவார். அது முழுக்க விவசாய வருமானம், வரி இல்லை. 2021-22ல் பழத்துக்குச் சொன்ன விலை பிடிக்கவில்லை. தோட்டத்திலேயே பல்ப் எடுத்து, காயவைத்து, க்யூரிங் ஒர்க்ஸுக்கு அனுப்பி, கிளீன் காபியாக விற்றார். செலவு போக 12 லட்சம் நின்றது. வழக்கம்போல அதையும் விவசாய வருமானம் என்றே ரிட்டர்னில் காட்டியிருந்தார்கள்.

ஸ்க்ரூட்டினி வந்தது. வருமான வரி 7பி விதிப்படி, விளைவித்து க்யூர் செய்து விற்ற காபியின் லாபத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம். அதாவது 12 லட்சத்தில் 3 லட்சத்துக்கு வரி. 2024 மார்ச்சில் ஆர்டர், அதோடு வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக 270ஏ அபராத நோட்டீஸ். வரியையும் வட்டியையும் ஏப்ரலிலேயே கட்டிவிட்டோம். கட்டியதோடு முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, அபராதம் ஏன் விதிக்கக் கூடாது என்று கேட்டு e-Proceedings பக்கத்தில் மறுபடியும் நோட்டீஸ் வந்து நின்றது. இதே மாதிரி யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள். நாங்கள் போட்ட பதிலைக் கீழே எழுதுகிறேன்.

குப்பனூர் பாதை

விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாதுங்க. பிரிவு 10(1) என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் போதும். எதற்கு 25 சதவீதம் கட்டினீர்கள்? நாங்கள் மூன்று தலைமுறையாக ஒரு பைசா கட்டியதில்லை.

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்

தம்பி, நீங்கள் பழமாகவோ பார்ச்மென்ட்டாகவோ விற்கிறவராக இருப்பீர்கள். அதுவரை நீங்கள் சொல்வது சரி. தோட்டத்தில் பல்ப் எடுப்பதைக் காபிச் சட்டமே க்யூரிங் கணக்கில் சேர்க்கவில்லை. மேல்தோலை மெஷினில் உடைத்துத் தரம் பிரித்து கிளீன் காபியாக விற்கும்போதுதான் 7பி வருகிறது. வறுத்து அரைத்துப் பொடியாக விற்றால் 25 போய் 40 சதவீதம் ஆகிவிடும். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்து வாசலில் சொந்தத் தோட்டத்துப் பொடி விற்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

மருமகன், நீங்கள் ஒரு கதவை விட்டுவிட்டீர்கள். ஆர்டர் கையில் கிடைத்த மாதம் முடிந்து அடுத்த ஒரு மாதத்துக்குள் படிவம் 68 போட்டிருக்கலாம். டிமாண்டில் சொன்ன கெடுவுக்குள் வரி, வட்டி கட்டியிருக்க வேண்டும், ஆர்டர் மேல் அப்பீல் போட்டிருக்கக் கூடாது. நோட்டீஸ் வெறும் குறைத்துக் காட்டியது என்ற அளவில் இருந்தால் 270ஏஏ-வில் அபராதமே இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஏப்ரல் 30 வரை நேரம் இருந்தது. பணம் கட்டியாச்சு, அப்பீலும் இல்லை. படிவம் மட்டும்தான் பாக்கி.

நாகலூர் மருமகன்

ஆமாம் ஐயா, அது மே மாதம்தான் எங்கள் காதுக்கு வந்தது. அதனால் மிச்சம் இருந்தது 270ஏ(6)தான். விளக்கம் நல்லெண்ணத்தோடு கொடுத்தது, அதற்கு ஆதாரமான விவரமெல்லாம் வெளிப்படுத்தியாச்சு என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால், அந்தத் தொகை குறைத்துக் காட்டிய வருமானத்திலேயே சேராது.

முதல் வரைவை மாமனாரே எழுதினார். வாத்தியார் இல்லையா, நாலு பக்கம். "தவறுதலாகக் காட்டாமல் விட்டுவிட்டேன், மன்னித்து அபராதத்தை ரத்து செய்யும்படிப் பணிவுடன் வேண்டுகிறேன்" என்று முடித்திருந்தார். புது ஆடிட்டர் படித்துவிட்டு "காட்டாமல் விட்டுவிட்டேன்" மேல் பேனாவால் வட்டம் போட்டார். "எங்கே காட்டாமல் விட்டீங்க சார்? 12 லட்சமும் ரிட்டர்னில் இருக்குதே. இனம் மாறியிருக்கு, அவ்வளவுதானே?" என்றார்.

வரி இல்லாத வருமானத்தைக் காட்டும் Schedule EI-யில் விற்பனை, செலவு, நிகரம் மூன்றும் இருந்தன. விவசாய வருமானம் 5 லட்சத்துக்கு மேல் போனால் மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, மானாவாரியா என்றெல்லாம் கேட்கும். அதுவும் நிரப்பியிருந்தது. அதனால் பதிலை அங்கிருந்து தொடங்கினோம். ஆங்கிலத்தில் போட்டது, சாரம் இது:

"காபி விற்ற முழுத் தொகையும் மூல ரிட்டர்னிலேயே Schedule EI-யில், நில விவரத்துடன் காட்டப்பட்டுள்ளது. தொகையில் எந்த மாற்றமும் மதிப்பீட்டில் செய்யப்படவில்லை. அதன் 25 சதவீதம் எந்தத் தலைப்பில் வரும் என்பது மட்டுமே மாறியது. முந்தைய ஆண்டுகளில் பழமாக விற்ற வருமானம் முழுவதும் விவசாய வருமானமாகக் காட்டப்பட்டு வந்தது. இந்த ஆண்டுதான் முதன்முறையாக க்யூரிங் செய்து விற்கப்பட்டது. அதே வகைப்பாடு தொடரும் என்ற நம்பிக்கையில் 7பி விதி பயன்படுத்தப்படவில்லை. வரியும் வட்டியும் செலுத்தப்பட்டுவிட்டன. இதை வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது. 270ஏ(6)(a)-வின்படி நடவடிக்கையைக் கைவிடக் கோருகிறோம்."

ஒன்றரைப் பக்கம்தான். கூட வைத்தவை: முந்தைய வருஷங்களில் பழம் விற்ற சீட்டுகள், அந்த வருஷத்து க்யூரிங் ஒர்க்ஸ் கூலி பில், எவ்வளவு பார்ச்மென்ட் போய் எவ்வளவு கிளீன் காபி வந்தது என்ற அவுட்டர்ன் தாள், விற்ற பணம் ஏறிய பேங்க் பக்கம், சலான். க்யூரிங் பில்லின் தேதிதான் முக்கியம். அதற்கு முந்தைய வருஷங்களில் அப்படி ஒரு பில்லே கிடையாது என்பதுதான் எங்கள் கதைக்குச் சாட்சி.

கொலுசுப் பட்டறை

எனக்கும் அபராத நோட்டீஸ் வந்தது, ஆனால் எனக்கு வரியில் இருமடங்கு போட்டார்கள். வெள்ளி கொலுசு கூலி வேலை செய்து கொடுக்கிறேன். ஒரு பார்ட்டி கூலியை என் சம்சாரம் அக்கவுண்ட்டில் போட்டுவிட்டது. கணக்குப்பிள்ளை அதைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. "கணக்கில் எழுத விட்டுப்போச்சு, உள்நோக்கம் இல்லை" என்றுதான் நானும் பதில் போட்டேன். நேர்மையாகத்தானே சொன்னேன்? உங்களுக்கு மட்டும் எப்படி வெறும் குறைத்துக் காட்டியது என்று 50 சதவீதம்?

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்

உங்கள் வாக்கியமேதான் கோளாறு அண்ணே. 270ஏ(9)ல் இருமடங்குக்கான வகைகளைப் போட்டிருக்கிறார்கள். வரவைப் புத்தகத்தில் ஏற்றாமல் விட்டது அதில் ஒன்று. "எழுத விட்டுப்போச்சு" என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். உள்நோக்கம் இல்லை என்பதை அதற்கப்புறம் யார் படிப்பார்கள்? அந்தப் பணம் ரிட்டர்னில் வேறு எங்காவது, உங்கள் சம்சாரம் ரிட்டர்னிலாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதுதான் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி.

மருமகன் கேஸில் கூடுதல் வரி செஸ்ஸோடு 93,600 வந்திருக்கும் என்று நினைக்கிறேன், பழைய வரி முறைதானே? பாதி என்றால் 46,000 சொச்சம். தவறாகக் காட்டியது, அதாவது மிஸ்ரிப்போர்ட்டிங் என்று போனால் இருமடங்கு, 1,87,000. அதனால் நோட்டீஸில் எந்த வகை என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாகலூர் மருமகன்

கணக்கு சரியாக இருக்கிறது ஐயா. ஆர்டரில் குறைத்துக் காட்டியது என்று மட்டும் இருந்தது. நோட்டீஸில் இரண்டையும் சேர்த்து அச்சடித்திருந்தார்கள். (9)ல் எந்த வகை என்று சொல்லப்படவில்லை என்பதைப் பதிலில் தனிப் பத்தியாகச் சேர்த்தோம். ஆனால் அதைக் கடைசியில் வைத்தோம். முதலிலேயே நோட்டீஸில் குற்றம் கண்டுபிடித்தால், சொல்ல வேறு விஷயம் இல்லை போலிருக்கிறது என்று தோன்றும் என்றார் ஆடிட்டர்.

ஐந்து ரோடு

93,600 எப்படி? மொத்த வருமானமே 10 லட்சம்தான் இருக்கும், 30 சதவீத ஸ்லாபே வராதே.

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்

விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே தவிர, விகிதம் பார்க்கும்போது அதையும் கூட்டிக்கொள்வார்கள். பென்ஷன், வாடகை ஒரு 7 லட்சம் என்றால், 12 லட்சம் சேர்ந்து 19 லட்சத்தில் நிற்கிறார். அந்த 3 லட்சம் 30 சதவீதத்தில்தான் விழும்.

குப்பனூர் பாதை

சரி, நான் ஒன்று கேட்கிறேன். க்யூர் செய்தது ஒர்க்ஸ்காரர், இவர் கூலி மட்டும் கொடுத்தார். விதியில் விற்பவர் க்யூர் செய்த காபி என்றுதானே இருக்கிறது? அப்போது 7பி-யே பொருந்தாது என்று வாதாடியிருக்கலாமே?

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்

வாதாடலாம். கூலிக்குக் கொடுத்தாலும் காபி இவருடையதுதானே, இவர் சார்பில் செய்ததுதானே என்று எதிர்வாதம் வரும். அதைச் சொல்ல வேண்டிய இடம் அப்பீல், அபராதப் பதில் இல்லை. அப்பீல் போட்டால் படிவம் 68 போய்விடும். 3 லட்சம் கூட்டலுக்காக அந்தச் சண்டை தேவையா என்பது அவரவர் பாடு. பெரிய எஸ்டேட்டாக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்வேன்.

மருமகனுக்கு இன்னொன்று. ITR-2 போட்டிருந்தால், அந்த EI அட்டவணையில் விவசாய வரவு கேட்கும் வரியிலேயே 7ஏ, 7பி, 8 விதியில் வருவது நீங்கலாக என்று இருக்கும். படித்துவிட்டுத்தானே நிரப்பினீர்கள் என்று கேட்கவில்லையா?

நாகலூர் மருமகன்

கேட்டார்கள். இரண்டாவது முறை வந்த கேள்வியே அதுதான். பழைய ஆடிட்டரிடம் ஒரு கடிதம் வாங்கினோம். முந்தைய வருஷக் கோப்பைப் பார்த்தே தயாரித்ததாகவும், இந்த வருஷம் விற்பனை முறை மாறியதைத் தான் கேட்டுக்கொள்ளவில்லை என்றும் எழுதிக் கொடுத்தார். கொடுக்க அவருக்கு மனசே இல்லை, அது வேறு கதை. கூடவே 2012ல் ப்ரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒரே வரியில் சேர்த்தோம். அவர்களுடைய தணிக்கை அறிக்கையிலேயே கழிக்க முடியாத தொகை என்று இருந்தது, ரிட்டர்னில் கூட்ட விட்டுப்போனது. மறைத்தது இல்லை, மனிதத் தவறு என்று அபராதத்தை நீக்கினார்கள். அது பழைய 271(1)(c) வழக்கு என்பதையும் நாங்களே குறிப்பிட்டோம்.

கடைசியில் கைவிட்டதாக ஆர்டர் வந்தது. தொகை முழுவதும் ரிட்டர்னில் வெளிப்படுத்தப்பட்டிருப்பதால் விளக்கம் ஏற்கப்படுகிறது என்று ஒரு பத்தி. ஆடிட்டர் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வழக்கைப் பற்றியும் இல்லை.

கொலுசுப் பட்டறை

என் சம்சாரம் ரிட்டர்னை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கூலியில் பாதி அதில் இருக்கிறது. அப்பீல் நடந்துகொண்டிருக்கிறது. இதை இப்போது புதுசாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்

புது ஆதாரம் என்று மனு போட்டு, அப்போது ஏன் கொடுக்கவில்லை என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஏற்பார்களா என்பது அதிகாரியைப் பொறுத்தது. சம்சாரம் ரிட்டர்ன் எந்தத் தேதியில் போட்டது? உங்களுக்கு நோட்டீஸ் வந்த பிறகு என்றால் அதைத் தொடாதீர்கள். அதற்கு முன்னால் என்றால் உங்கள் ஆடிட்டரிடம் இன்றைக்கே கொடுங்கள்.