பங்கர், சிக்கன விளக்கு, கிளாலிப் படகு: 1990–95 யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

ரொறன்ரோ தம்பி
நான் கனடாவில் பிறந்தவன். அப்பா பங்கர் என்று ஒரு வரி சொல்வார், அப்புறம் பேச்சை மாற்றிவிடுவார். 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியதிலிருந்து 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு வரை அங்கே இருந்தவர்கள், வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுத முடியுமா? அரசியல் வேண்டாம். பங்கரை எப்படி வெட்டினீர்கள், எதை எரித்தீர்கள், பிள்ளைகளை எங்கே அனுப்பினீர்கள், அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மயிலாப்பூர் பேரன்
எங்கள் பாட்டியும் இதே மாதிரிதான் சொல்லுவாள். 1942இல் ஜப்பான்காரன் மெட்ராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டி எரிந்ததாம். ஊரே காலி. குழந்தைகளை எல்லாம் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றிவிட்டார்களாம்.

கொக்குவிலான்
மயிலாப்பூர் ஐயா, பாட்டி இரண்டு கதையை ஒன்றாகச் சேர்த்துவிட்டார். எண்ணெய்த் தொட்டி எரிந்தது 1914 செப்டம்பர் 22, எம்டன் கப்பல் சுட்டபோது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. அந்தப் பயத்தில்தான் மெட்ராஸ் காலியானது. சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் வளவில் மூன்று பங்கர் வெட்டினோம், முதல் இரண்டும் பிழை. முதலாவதை ஆறடி அகலத்தில் வெட்டினோம், எல்லாரும் வசதியாக இருக்கலாம் என்று. அவ்வளவு அகலத்துக்குக் குறுக்கே போட்ட மரம் மண் பாரத்தில் தொய்ந்துவிட்டது. இரண்டாவதை நேர் வாசலோடு வெட்டினோம். பார்க்க வந்த பெரியப்பா வாசலில் நின்று ஒரு கல்லை உள்ளே எறிந்தார், அது போய் மறுசுவரில் பட்டது. "சன்னமும் இப்படித்தான் வரும்" என்றார். மூடிவிட்டோம்.

மூன்றாவதுதான் கடைசிவரை இருந்தது. எட்டடி நீளம், மூன்றடி அகலம், நெஞ்சளவு ஆழம். வாசல் எல் வடிவத்தில் திரும்பும். மேலே பனங்குற்றி நெருக்கி அடுக்கி, அதன்மேல் குறுக்காக இன்னொரு வரிசை, பிறகு ஓலை, பிறகு மண். உர பை கிடைக்காதபோது அம்மாவின் பழைய சேலையைத் தைத்து மண் மூட்டை செய்தோம். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ரயில் ஓடவில்லை, பாதை பங்கருக்குள் போய்விட்டது. தென்னங்குற்றி போட்டால் இரண்டு மாரிக்குள் உக்கிவிடும். வெளியே நன்றாகத்தான் தெரியும், சுத்தியலால் தட்டினால் சத்தம் பொத்தென்று கேட்கும். அப்போதே மாற்ற வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இதெல்லாம் பக்கத்தில் விழும் ஷெல்லின் சன்னத்துக்குத்தான். நேராகக் குண்டு விழுந்தால் பங்கரே குழியாகிவிடும்.

வல்வெட்டித்துறை மகள்
உங்களுக்குச் செம்மண், வெட்டினால் சுவர் நிற்கும். எங்களுக்குக் கடற்கரை மணல். காலையில் வெட்டினால் மாலையில் சரிந்துவிடும். உள்ளே பனங்குற்றியை நட்டு, பின்னால் மட்டை செருகித்தான் நிறுத்தினோம். அக்கா கலியாணம் கட்டிப்போன ஊரில் இரண்டடியில் சுண்ணாம்புக் கல். அங்கே பாதி நிலத்துக்கு மேலேதான் கட்டினார்கள்.

மாரி வந்தால் முழங்காலளவு தண்ணீர். வாளியால் இறைத்துவிட்டுத்தான் இறங்குவோம். தவளை பரவாயில்லை. ஒருநாள் பொம்பர் பதிகிறது, நாங்கள் வாசலில், உள்ளே பாம்பு. அம்மம்மா பாம்போடு இருக்கிறேன் என்று இறங்கிவிட்டார். நான் மாமரத்தடியில் குப்புறப் படுத்தேன், நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

சுன்னாகம் சிவா
ஷெல் கூவுகிற சத்தம் கேட்டால் அது நம்மைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். எனவே பயமில்லை. அப்புறம், அப்போது மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. பெற்றோலே தேவைப்படவில்லை.

கொக்குவிலான்
சிவா, பாதி சரி. எஞ்சின் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெய் பிடிக்காது. ஊசி போடுகிற சிரிஞ்சால் கொஞ்சம் பெற்றோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு உதைக்க வேண்டும். சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய். வெள்ளைப் புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், சந்திக்குச் சந்தி கழற்றித் துடைக்க வேண்டும். சந்தையில் நின்றவர்கள் எஞ்சினை அணைக்கப் பயந்தது அதனால்தான்.

கூவும் சத்தத்தை நம்பி நான் இருக்கமாட்டேன். முகாமிலிருந்து புறப்படும் குத்துச் சத்தம் கேட்டதும் இறங்கிவிடுவேன்.

சுன்னாகம் சிவா
எங்கள் ஐயா 90இலிருந்து அப்படித்தான் கணக்குப் பார்த்தார். பிழைத்தும் இருந்தார்.

கொக்குவிலான்
பிழைத்தவர்கள்தானே சொல்வார்கள்.

வல்வெட்டித்துறை மகள்
மண்ணெண்ணெய் என்றதும் விளக்கு ஞாபகம் வருகிறது. மின்சாரம் இல்லை, மெழுகுதிரி தடை, பற்றரி தடை. சங்கக்கடையில் குடும்ப அட்டைக்குக் கிடைக்கிற எண்ணெயை அம்மா அலுமாரியில் பூட்டி வைப்பார். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், நடுவில் மெல்லிய திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. சிக்கன விளக்கு என்போம். திரி கொஞ்சம் பருத்தால் புகைந்து கண்ணாடி கறுத்துவிடும். நாலு பிள்ளைகள் ஒரு விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்தோம், யாராவது தும்மினால் மற்ற மூன்று பேரும் அடிப்போம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். வெளுக்கும், ஆனால் அந்த வாசம் போகாது. மாடு பின்னால் வரும்.

ரொறன்ரோ தம்பி
பிள்ளைகளை அனுப்பியது பற்றி யாரும் எழுதவில்லையே. லண்டனில் 1939இல் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ரயிலில் கிராமங்களுக்கு அனுப்பினார்களாமே. அப்படி ஏதாவது நடந்ததா?

கிளாலி தாண்டியவள்
எங்களுக்கு ரயிலும் இல்லை, பட்டியலும் இல்லை. ஒவ்வொரு வீடும் தனியாக முடிவெடுத்தது. ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தது, கிளாலிக் கடல்தான் வழி. 1993இல் எனக்குப் பதினொன்று, தம்பிக்கு எட்டு. சித்தப்பாவோடு அனுப்பினார்கள். அம்மாவும் அப்பாவும் வரவில்லை. முதலில் பாஸ் எடுக்க அலைந்தோம், அதிலேயே மூன்று வாரம் போனது.

இருட்டிய பிறகுதான் படகு. கரையில் தண்ணீர் ஆழமில்லை, தம்பியைச் சித்தப்பா தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். மோட்டார் பூட்டிய படகு ஒன்று முன்னால் போகும், மற்றவற்றைக் கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி இழுக்கும். நடுவில் கயிறு அறுந்தால் பின்னால் இருப்பவர்கள் கடலில் நிற்க வேண்டியதுதான். எங்களுக்கு முன்னால் போனவர்கள் அப்படி நின்றார்கள், தூரத்தில் வெளிச்சம் போட்ட கடற்படைப் படகைப் பார்த்துக்கொண்டு. எங்களை ஒரு தறப்பாளால் மூடினார்கள். உப்புத் தண்ணீர் அடித்துப் பாடப்புத்தகம் ஊறிப்போனது.

அம்மா என் சட்டை உள்மடிப்பில் வெள்ளவத்தை மாமாவின் விலாசத்தைத் தைத்திருந்தார். தம்பியின் சட்டையிலும். நாங்கள் பிரிந்துவிட்டால் என்று. வவுனியா சோதனைச்சாவடியில் அதைப் பிரித்துப் பார்த்தார்கள், திரும்பத் தைத்துத் தரவில்லை.

கொக்குவிலான்
அனுப்பியது சரியா பிழையா என்று எங்கள் வீட்டில் இன்றும் சண்டை. அண்ணா மகனை அனுப்பினார், நான் அனுப்பவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது, என் மகள் நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நடக்க நடக்கத் தூங்கினாள். அண்ணா மகனுக்கு இன்றைக்கும் எங்களோடு பேச்சு அதிகமில்லை.

ரொறன்ரோ தம்பி
கிளாலி அக்கா, உங்கள் அம்மா எப்போது வந்தார்?

கிளாலி தாண்டியவள்
1996இல். தம்பி அவரை "ஆன்ரி" என்று கூப்பிட்டான்.