கேட்காமலே வந்த குறியீடும், புதிய உள்நுழைவு அறிவிப்பும்: இன்னும் எதைப் பார்க்க வேண்டும்?

வணக்கம். வெள்ளவத்தையில் வசிக்கும் என் அப்பாவின் மின்னஞ்சலுக்குச் செவ்வாய் இரவு, கடவுச்சொல்லை மாற்றுவதற்கான குறியீடு மூன்று முறை வந்தது. முகவரி மட்டும் தெரிந்த எவரும் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினாலே அது வந்துவிடும் என்பதாலும், அப்பா அதை யாருக்கும் சொல்லவில்லை என்பதாலும் நான் பொருட்படுத்தவில்லை.

வியாழன் காலை வந்ததோ, புதிய சாதனம் ஒன்று உள்நுழைந்துவிட்டது என்ற அறிவிப்பு. அது உண்மையானால், சரியான கடவுச்சொல் எவரிடமோ இருக்கிறது என்று பொருள். அதிலிருந்த இணைப்பைத் தொடாமல், நாங்களே முகவரியைத் தட்டச்சுச் செய்து கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தபோது, தொலைபேசி மட்டுமே பாவிக்கும் அப்பாவின் பட்டியலில் விண்டோஸ் கணினி ஒன்று இருந்தது. (அங்கே காட்டும் ஊர்ப்பெயரை நான் நம்புவதில்லை, அப்பா வீட்டில் இருக்கும்போதும் அது சிலவேளை வேறு ஊரைக் காட்டுகிறது.) எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றி, இரு படிச் சரிபார்ப்பையும் இயக்கினோம்.

பிறகுதான், ‘வங்கி’ என்ற சொல் உள்ள மடல்களை அறியாத முகவரிக்கு அனுப்பும் வடிகட்டி ஒன்று அமைப்புகளில் அப்படியே இருந்ததைக் கண்டு நீக்கினேன். மீட்பு எண்ணையும் பிற செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகளையும் பார்த்துவிட்டேன். கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் இப்படித் தங்கிவிடக்கூடியது வேறு ஏதேனும் உண்டா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.