புதுப்பிப்பு: அழைப்பிதழ் வீடியோவில் உடைந்த 'கோயில்'

"தங்கச்சியின் கல்யாண அழைப்பிதழ் வீடியோவில் 'கோயில்' உடைந்து தெரிகிறது. நாளைக்கு அனுப்ப வேண்டும், என்ன செய்யலாம்?" என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

ஃபாண்டை மாற்றச் சொன்ன தம்பி பாதி சரி. யூனிகோடிலேயே 3 ஃபாண்ட் மாற்றினேன். கொம்பு அப்போதும் ககரத்துக்குப் பின்னால்தான் நின்றது. சிக்கல் எடிட்டிங் செயலியில், அதற்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியவில்லை என்றார் வெள்ளவத்தை அச்சக அண்ணா. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி ஃபாண்டில் கொம்பைத் தனியாக முன்னால் அடிப்பதால் உடையாதாம். `Nfhapy;` என்று அடித்தார், 'கோயில்' ஒழுங்காக வந்தது.

45 விநாடி வீடியோ, 2 திருத்தம் இலவசம், 6,500 ரூபாய். அவரிடம் மாலையில் கொடுத்து மறுநாள் காலையில் வாங்கினேன்.

ஒரு கூத்து: அதே பாமினி வரிகளை வாட்ஸ்அப் செய்தியிலும் ஒட்டிவிட்டேன். "Nfhapy; எங்கே இருக்கு?" என்று கொட்டாஞ்சேனை மாமா கேட்கிறார். செய்திக்கு யூனிகோடில் திரும்ப அடித்தேன்.

வீடியோவை டாக்குமெண்டாக அனுப்பினால் தெளிவு குறையவில்லை, ஆனால் பெரியவர்கள் திறப்பதில்லை. அதற்கு இன்னும் வழி தேடுகிறேன்.