அரபில வினையை முன்னாடி போடுறதுக்கும் ஆளை முன்னாடி போடுறதுக்கும் அர்த்தம் மாறுமா?

புதுசா_படிக்கிறேன்: "மாணவர்கள் போனாங்க"ன்னு எழுதச் சொன்னாங்க, நான் "தஹபூ அத்துல்லாபு"ன்னு எழுதினேன். உஸ்தாத் "தஹபூ"வை வட்டம் போட்டு "தஹப"ன்னு மாத்திட்டார். ஆனா புக்ல "அத்துல்லாபு தஹபூ"ன்னு இருக்கே, அது மட்டும் எப்படி சரி? ரெண்டும் ஒரே அர்த்தம்தானா?

ரியாத்_வண்டி: தம்பி நான் 9 வருஷமா இங்க வண்டி ஓட்டுறேன், பேச்சுல ஆளை முன்னாடி சொல்றதைத்தான் அதிகம் கேக்குறேன், யாரும் இதெல்லாம் பாக்குறதில்ல. பேசிப் பழகு, தானா வரும்.

புதுசா_படிக்கிறேன்: பேச்சு இல்லண்ணே, எழுத்துப் பரீட்சை.

காயல்வாசி: வினை முன்னாடி வந்தா பன்மைக்கும் ஒருமை வினைதான். ஆண் பெண் மட்டும் பாக்கணும், பொண்ணுங்கன்னா "தஹபத்". ஆளை முன்னாடி போட்டா வினை முழுசா ஒத்துப்போகணும், அதான் "தஹபூ". அர்த்தம் பாத்தா, ஆள் முன்னாடி வந்தாலே "அவங்கதான்"னு அழுத்தம், அவ்வளவுதான்.

நஹ்வு_பைத்தியம்: முதல் பாதி சரி, கடைசி வரி பாதிதான் சரி. அழுத்தம் பளிச்சுன்னு தெரியற இடம் கேள்வி. "அ ஃபஅல்த ஹாதா"ன்னா "நீ இதைச் செஞ்சியா?", செஞ்சதா இல்லையான்னே கேக்குறவனுக்குத் தெரியாது. "அ அன்த ஃபஅல்த ஹாதா"ன்னா "நீயா இதைச் செஞ்ச?", நடந்தது கண்ணு முன்னாடி கிடக்கு, ஆள் யாருன்னுதான் சந்தேகம். நம்ம தமிழ்ல அந்த "ஆ" எதுல ஒட்டுதோ அதுதான் கேள்வி இல்லையா, அரபில அந்த வேலையை வரிசை பாக்குது. குர்ஆன்ல 21:62 எடுத்துப் பாருங்க, சிலைகள் உடைஞ்சு கிடக்கு, இப்ராஹீம் நபிகிட்ட "அ அன்த ஃபஅல்த"ன்னுதான் கேக்குறாங்க, இப்ராஹீம் நபியோட பதிலும் பெரிய சிலையைக் காட்டி "இதுதான் செஞ்சது"ன்னு ஆளைப் பத்தித்தான் வருது. 11ஆம் நூற்றாண்டுல அரபு இலக்கண அறிஞர் அப்துல் காஹிர் ஜுர்ஜானி இதே வசனத்தை வச்சு விளக்கியிருக்கார். மறுப்புலயும் அப்படித்தான். "மா குல்து ஹாதா"ன்னா நான் சொல்லல, அதோட சரி. "மா அனா குல்து ஹாதா"ன்னா சொன்னது வேற ஆள், அதனால அதோட "வேற யாரும் சொல்லல"ன்னு சேத்தா வாக்கியம் தன்னைத்தானே வெட்டிக்கும்.

காயல்வாசி: அப்போ பேப்பர் தலைப்புல ஆளை முதல்ல போட்டுட்டு கீழ செய்திய வினையில ஆரம்பிக்கிறாங்களே, அதுல "அவர்தான்"னு அழுத்தமே இல்லையே?

நஹ்வு_பைத்தியம்: அதைத்தான் பாதி சரின்னேன். அங்க யாரைப் பத்திப் பேச்சுன்னு முதல்ல காட்டுறாங்க, அவ்வளவுதான். இன்னொண்ணு, யாருன்னே தெரியாத ஆள்னா "ஜாஅ ரஜுலுன்"ன்னு வினையில ஆரம்பிங்க, வெறும் "ரஜுலுன் ஜாஅ"ன்னா கேக்குறவருக்கு எதைப் பத்திப் பேச்சுன்னே பிடி கிடைக்காது.

புதுசா_படிக்கிறேன்: இப்ப புரியுது. ஆனா "ஸைதுன் காம"ன்னு தனியா ஒரு வரி இருந்தா அது "ஸைதுதான் எழுந்தான்"னா, இல்ல சும்மா "ஸைது எழுந்தான்"னா?

நஹ்வு_பைத்தியம்: தனி வரியை மட்டும் வச்சு சொல்ல முடியாது, முன்னாடி என்ன பேச்சு நடந்துச்சுன்னு பாக்கணும். "ஸைது" அங்க முப்ததாவா, அதாவது யாரைப் பத்திப் பேச்சோ அந்தத் தொடக்கச் சொல்லா, இல்ல ஃபாஇலா, அதாவது வினைக்கு முன்னாடி வந்துட்ட செய்தவன் சொல்லான்னு பழைய பஸரா இலக்கணக்காரங்களும் கூஃபா இலக்கணக்காரங்களுமே ஒத்துப்போகல. பரீட்சையில முப்ததான்னே எழுதுங்க.