கலைச்சொல் விவாதம்: எண்ணிக்கையில் சேரும் மாறிலிக்கு என்ன பெயர் வைக்கலாம்?

வள்ளியூர், பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடு அமைப்பதை நடத்திக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

தொடக்கம் எளிது. y = mx + c என்று எழுதினால் அது ஒரு கோடு இல்லை, ஒரு கூட்டம். m-க்கும் c-க்கும் வேறு வேறு மதிப்பு கொடுத்தால் வேறு வேறு கோடு வரும். இந்தக் கோடுகள் அத்தனைக்கும் பொதுவானது என்ன என்று கேட்கிறோம். ஒருமுறை வகையிட்டால் y' = m, c போய்விட்டது. இன்னொரு முறை வகையிட்டால் y'' = 0, m-உம் போய்விட்டது. ‘எங்கேயும் வளையாது’ என்பதுதான் அந்தப் பொதுக் குணம். மாறிலி இரண்டு, வகையிட்டது இரண்டு தடவை, சமன்பாட்டின் வரிசை இரண்டு. பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

அடுத்து y = A e^(x+B) என்று கொடுத்தேன். இரண்டு எழுத்து இருப்பதால் எல்லாரும் இரண்டு தடவை வகையிட்டார்கள். ஆனால் முதல் தடவையிலேயே y' = A e^(x+B), அதாவது y' = y. A, B இரண்டும் ஒரே அடியில் போய்விட்டன. ஏனென்றால் e^(x+B) என்பது e^B · e^x. A-யும் e^B-யும் பெருக்கி ஒரே எண்ணாகிவிடும். பார்வைக்கு இரண்டு, உண்மையில் ஒன்று.

இப்படி உண்மையில் எண்ணிக்கையில் சேரும் மாறிலியை ஆங்கில நூல்களில் எசென்ஷியல் கான்ஸ்டன்ட் என்பார்கள். ‘மாறத்தக்க மாறிலி’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, ஆனால் அது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. ‘இன்றியமையா மாறிலி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அம்பாசமுத்திரம், டியூஷன் நடத்துபவர்:

டீச்சர், இதற்கு எதற்குத் தனிச் சொல்? எத்தனை எழுத்தோ அத்தனை தடவை வகையிடு என்று சொன்னால் போதும். தேர்வில் வருகிற கணக்குகளில் அது பெரும்பாலும் சரியாகத்தான் வரும். y = A e^(x+B)-க்கு இரண்டு தடவை வகையிட்டால் y'' = y என்று வரும். A, B இரண்டும் இல்லை, சமன்பாடும் பொய் இல்லை. அப்புறம் என்ன குறை?

பாளையங்கோட்டை, ஓய்வு பெற்ற பேராசிரியர்:

அண்ணாச்சி, சமன்பாடு பொய் இல்லைதான். ஆனால் நாம் கேட்டது அந்தக் கூட்டத்துக்கு உரிய சமன்பாட்டை. y'' = y-இல் y = e^(-x)-ஐப் போட்டுப் பாருங்கள். அதன் இரண்டாம் வகைக்கெழு மறுபடியும் e^(-x) தான், சமன்பாடு நிறைவாகிறது. ஆனால் A-க்கும் B-க்கும் எந்த மதிப்பைக் கொடுத்தாலும் A e^(x+B) ஒருநாளும் e^(-x) ஆகாது. அழையாத வளைவரை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. y'' = y' என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். y = 5 என்ற கிடைக்கோடு அதை நிறைவு செய்யும், நம் கூட்டத்தில் அது கிடையாது.

தேவைக்கு மேல் ஒரு தடவை வகையிட்டோமா என்று கண்டுபிடிக்க இதுவே வழி. கிடைத்த சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தால் தீர்த்துப் பார்க்க வேண்டும். விடையில் முன்பு இருந்ததைவிடப் பெரிய கூட்டம் வந்தால் ஒரு வகையிடல் அதிகம். y'' = y-இன் தீர்வு P e^x + Q e^(-x). நாம் தொடங்கியது C e^x மட்டும்.

எத்தனை தடவை வகையிட வேண்டும் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும். நீக்க வேண்டியவை n மாறிலிகள் என்றால் பொதுவாக n + 1 சமன்பாடுகள் வேண்டும். கையில் இருப்பது ஒன்று. மீதி n சமன்பாடுகளை வகையிட்டுத்தான் பெறுகிறோம். ஆகவே அந்த n-ஐச் சரியாக எண்ணுவதில்தான் எல்லாம் இருக்கிறது. டீச்சர் சொல் கேட்டது நியாயம்.

ஆனால் ‘இன்றியமையா’ எனக்கு ஒப்பவில்லை. A e^(x+B)-இல் எது இன்றியமையாதது, A-யா B-யா? B-யை எடுத்துவிட்டு A-யை வைத்துக்கொள்ளலாம். A-யை எடுத்துவிட்டு B-யை வைத்துக்கொண்டாலும் பாதிக் கூட்டம் கிடைக்கும், e^(x+B) எப்போதும் மிகை என்பதால் குறைப்பக்க வளைவரைகளும் y = 0-உம் விட்டுப்போகும். விரலை நீட்டி ‘இது வேண்டாதது’ என்று ஓர் எழுத்தைக் காட்ட முடியாது. நாம் பெயர் வைக்க வேண்டியது எழுத்துக்கு இல்லை, எண்ணிக்கைக்கு.

சங்கரன்கோவில், பாலிடெக்னிக் ஆய்வகப் பணியாளர்:

சார், எனக்கு வேறொரு சந்தேகம், இதோடு சேருமா என்று தெரியவில்லை. மின்தேக்கியை மின்னேற்றம் செய்து மின்தடை வழியாக இறக்கும் சோதனையை நாங்கள் செய்கிறோம். V = V₀ e^(-t/RC). இதிலும் V₀, R, C என்று மூன்று எழுத்து. மூன்றையும் நீக்க வேண்டுமா? எங்கள் மேசையில் R பத்து கிலோ ஓம், C ஆயிரம் மைக்ரோ ஃபாரட். RC பத்து நொடி வரும்.

வள்ளியூர், பள்ளி ஆசிரியை:

சேரும், நன்றாகவே சேரும். R, C இரண்டும் உங்கள் மேசையில் இருக்கும் பொருளின் மேலேயே எழுதியிருக்கிறது. ஒரு சோதனையிலிருந்து அடுத்த சோதனைக்கு மாறுவது தொடக்க மின்னழுத்தம் V₀ மட்டும்தான். எனவே கூட்டத்தை உண்டாக்குவது V₀ ஒன்றே. ஒரு தடவை வகையிட்டால் V' = -V/10. இதில் 10 அப்படியே நிற்கும், நிற்கவும் வேண்டும். அது உங்கள் சுற்றைப் பற்றிய செய்தி.

எந்த மின்தடை, எந்த மின்தேக்கி என்று தெரியாமல் எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவாக எழுத வேண்டும் என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. அப்போதும் மூன்று இல்லை. R-உம் C-யும் பெருக்கலாகத்தான் உள்ளே வருகின்றன, அதனால் அவை ஒன்றாகவே எண்ணப்படும். 1/RC-ஐ k என்று வைத்தால் V' = -kV, V'' = k²V. முதலாவதை வர்க்கப்படுத்தினால் (V')² = k²V². இரண்டிலிருந்தும் k-யை நீக்கினால்:

V V'' = (V')²

இரண்டு மாறிலி, வரிசை இரண்டு. எது நிலையானது, எது மாறத்தக்கது என்பது எழுத்தைப் பார்த்துத் தெரியாது. கேள்வியைப் பார்த்துத்தான் தெரியும். ‘மாறத்தக்க’ என்ற அடைமொழியை நாம் விடக் கூடாது என்பதற்கு இதுவே எனக்குக் காரணம்.

அம்பாசமுத்திரம், டியூஷன் நடத்துபவர்:

சரி, e^(-x) கண்ணைத் திறந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் தீர்த்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? y = a cos(x+b) + c sin x என்று ஒரு கணக்கு வந்தால்? இதில் எது எதோடு சேரும் என்று பார்த்தவுடன் தெரியவில்லையே.

பாளையங்கோட்டை, ஓய்வு பெற்ற பேராசிரியர்:

நல்ல எடுத்துக்காட்டு. இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மாறிலியையும் இம்மியளவு அசைத்துப் பாருங்கள், வளைவரை எந்த வடிவில் அசைகிறது என்று கவனியுங்கள். A e^(x+B)-இல் A-யை அசைத்தால் மாற்றம் e^(x+B)-இன் வடிவில் வரும். B-யை அசைத்தால் A e^(x+B). இரண்டும் ஒரே வடிவம், அளவு மட்டுமே வேறு. B-யால் வந்த அசைவை A-யை வைத்தே திரும்ப இழுத்துவிடலாம். ஆகவே ஒன்றுதான்.

உங்கள் கணக்கில் a-யின் அசைவு cos(x+b), b-யின் அசைவு -a sin(x+b), c-யின் அசைவு sin x. விரித்தால் மூன்றும் cos x, sin x இரண்டின் கலவைதான். இரண்டு சரக்கை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சாராத மூன்று கலவைகளை உண்டாக்க முடியாது. எனவே எண்ணிக்கை இரண்டு. y' = -a sin(x+b) + c cos x, y'' = -a cos(x+b) - c sin x, அதாவது y'' = -y. மூன்று எழுத்தும் இரண்டாவது தடவையிலேயே போய்விட்டன பாருங்கள். அசைவுகளை ஒப்பிடும்போது பெருக்கும் எண்ணில் A, B, a போன்றவை இருக்கலாம், x மட்டும் இருக்கக் கூடாது. இதை மறந்தால் விடை தப்பிப்போகும்.

தென்காசி, பொறியியல் மாணவர்:

சார்வாள், அப்படியானால் ‘சுருங்கா மாறிலிகள்’ என்று பன்மையில் சொல்லலாமா? ஓர் எழுத்தைத் தனியாகச் சுட்டாமல், இதற்குமேல் குறைந்த எண்ணிக்கையில் எழுத முடியாத தொகுதி என்று பொருள் வரும். ‘A e^(x+B)-இல் சுருங்கா மாறிலிகள் எத்தனை?’ என்று கேட்டால் ‘ஒன்று’ என்று பதில் வரும். ‘தனித்த மாறிலி’யும் யோசித்தேன். ஆனால் தனித்தீர்வு என்று இன்னொரு சொல் இருப்பதால் குழம்பும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எண்ணிக்கையைச் சரியாக எண்ணினால் அழையாத வளைவரை வரவே வராதா? ஊரில் சின்ன வயதில் நுங்கு வண்டி ஓட்டுவோம். சக்கரத்தின் ஆரம் மாறாது, மையம் நேர்கோட்டில் போகும். ஆரம் 5 என்றால் (x - a)² + y² = 25, மாறத்தக்கது a மட்டும். வகையிட்டால் x - a = -y y'. திரும்பப் போட்டால்:

y² (1 + (y')²) = 25

ஒரு மாறிலி, வரிசை ஒன்று, எல்லாம் சரி. ஆனால் y = 5 என்ற கோடும் இதை நிறைவு செய்கிறது. அது சக்கரம் இல்லையே!

பாளையங்கோட்டை, ஓய்வு பெற்ற பேராசிரியர்:

தம்பி, சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். முதல் வரிசைச் சமன்பாட்டுக்கு ஒரு புள்ளியும் அங்கே உள்ள சாய்வும் மட்டும்தான் தெரியும். y = 5 கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் ஏதோ ஒரு சக்கரத்தின் உச்சி தொட்டுக்கொண்டு நிற்கிறது, அங்கே இரண்டின் சாய்வும் பூச்சியம். சமன்பாட்டால் கோட்டையும் சக்கரத்தையும் பிரித்தறிய முடியாது. கீழே y = -5, அதாவது வண்டி உருளும் தரை, அதுவும் அப்படித்தான். இது தேவைக்கு மேல் வகையிட்டதால் வந்தது இல்லை. கூட்டத்தை முழுவதும் தொட்டுச் செல்லும் வளைவரை இருந்தால் அதுவும் கூடவே வரும். இரண்டையும் ஒரே குறையாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும்.

‘சுருங்கா’வில் எனக்கு ஒரு தயக்கம். ‘சுருக்குக’ என்று பத்தாம் வகுப்பிலிருந்தே கோவைகளுக்குச் சொல்கிறோம். கோவை சுருங்குவது வேறு, மாறிலிகளின் எண்ணிக்கை குறைவது வேறு. ‘குறையா மாறிலிகள்’ என்றால் எப்படி?

அம்பாசமுத்திரம், டியூஷன் நடத்துபவர்:

குறையா என்றால் மதிப்பு குறையாதது என்று எடுத்துக்கொள்வார்கள். என் ஓட்டு தென்காசித் தம்பிக்கு.

வள்ளியூர், பள்ளி ஆசிரியை:

எனக்கும் இப்போதைக்கு ‘சுருங்கா மாறிலிகள்’தான் வாயில் நிற்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் y = A e^(x+B), y = log(Ax) + B இரண்டையும் கரும்பலகையில் போட்டு, வகையிடுவதற்கு முன்பே எண்ணிக்கையைச் சொல்லச் சொல்லப் போகிறேன். கோவையைச் சுருக்குவதோடு யாராவது குழப்பிக்கொண்டால் இங்கே எழுதுகிறேன். அப்படிக் குழப்பம் வந்தால் பேராசிரியரின் சொல்லை மறுபடி எடுத்துப் பார்ப்போம்.