பூனையின் உருவைக் கிறுக்கிக் காட்டுகிறோமே, அதற்கு என்ன பெயர்?

மாலதி:
வணக்கம். படம் உருவாக்கும் கருவி ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் பெயர் கிடைக்காமல் நிற்கிறேன். வெறுந்தரையும் சுவரும் இருக்கும் ஒரு நிழற்படத்தில் புதிதாக ஒரு பூனையைச் சேர்க்க வேண்டும். "சோம்பல் முறிக்கும் பூனை" என்று எழுதிக் கொடுத்தால், நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பூனைதான் பெரும்பாலும் வருகிறது. அதனால் முன்கால் நீட்டி, நெஞ்சு தாழ்ந்து, பின்புறம் தூக்கிய உருவத்தைப் படத்தின் மேலேயே தூரிகையால் கிறுக்குகிறோம். கருவி அதைப் பார்த்துப் பூனையை வரைகிறது. அந்தக் கிறுக்கலுக்கு 'வழிகாட்டு வரைவு' என்று போட்டிருக்கிறேன். பொத்தானில் அடங்கவில்லை. வேறு சொல் உண்டா?

சுந்தரம்:
'வரைவு' வேண்டாம் அம்மா. சட்ட வரைவு, கடித வரைவு என்று அது எழுத்துக்குப் போய்விட்டது. நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்று அருமையான சொல் இருக்கிறது. வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிறுத்திய படம். நீங்கள் சொல்வதும் அதுதானே? அதைச் சுருக்கிப் 'புனையாவரை' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜான்சி:
நான் கதைப் புத்தகப் படங்களுக்கு இதைத்தான் செய்கிறேன். கை தூக்கி நிற்கும் குழந்தை வேண்டுமென்றால் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று புள்ளி வைத்து இணைத்த குச்சி உருவம் கொடுப்பேன். சரியாக வந்துவிடும். ஆகவே 'எலும்புரு' என்று வைத்தால் போதாதா?

கதிர்:
ஜான்சி, நீங்கள் சொல்வது ஓப்பன்போஸ் வகை. மனித மூட்டுகளுக்கென்று பயிற்றிய செயற்கை நுண்ணறிவு மாதிரி அது. பூனைக்கு அந்தக் குச்சி உருவத்தைக் கொடுத்தால் நாலு காலில் நிற்கும் மனிதன் வந்தாலும் வரும். மாலதி கேட்பது வேறு.

சுந்தரம் ஐயா, சொல் அழகு. ஆனால் இந்த வேலைக்கு நேர் எதிர். இங்கே வண்ணம்தான் வேலை செய்கிறது, கோடு அல்ல. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பெயர் வைக்க உதவும்.

நாம் கிறுக்கிய படத்தின் மேல் கருவி முதலில் இரைச்சலை, அதாவது தாறுமாறான புள்ளிகளைத் தூவுகிறது. பிறகு அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே படத்தைக் கட்டுகிறது. எவ்வளவு தூவ வேண்டும் என்பதைத்தான் `Denoising strength` என்ற அளவு சொல்கிறது, 0 முதல் 1 வரை. இரைச்சல் ஏற ஏற நுணுக்கங்கள் முதலில் அழியும். பெரிய வண்ணத் திட்டுகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதிலும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாதிரிகள் படத்தை அப்படியே கையாள்வதில்லை. 8க்கு 8 படப்புள்ளிகளை ஒரு கட்டமாகச் சுருக்கிக்கொண்டு வேலை செய்கின்றன. 512 படப்புள்ளி அகலம் அங்கே வெறும் 64 கட்டம். இரண்டு படப்புள்ளி தடிமனில் நீங்கள் இழுத்த கோடு அதில் என்னவாகும்?

மாலதி:
ஓ, அதனால்தானா! பென்சில் கோடு போல வரைந்து 0.7இல் ஓட்டினேன், கோட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. 0.4க்கு இறக்கினேன், தரையில் கம்பி கிடப்பது போல வந்தது.

கதிர்:
அதேதான். கோட்டைக் கோடாகவே அது எடுத்துக்கொண்டது. இப்படிச் செய்து பாருங்கள். பூனையின் நிறத்தில் தடித்த தூரிகையால் உடலை நிரப்புங்கள். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் கருமை, வெளிச்சம் விழும் முதுகில் கொஞ்சம் வெளுப்பு. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தரையின் நிறம் தெரியட்டும். அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் கால்கள் ஒட்டிக்கொண்டு மூட்டை போல ஒரு பூனை வரும். பாதத்தடியில் நிழலையும் தீட்டுங்கள். இல்லாவிட்டால் பூனை மிதப்பது போலத் தெரியலாம். கருவி மாற்ற வேண்டிய பகுதியைக் குறிக்கும் முகமூடியை உருவத்தின் விளிம்போடு நிறுத்தாமல் சற்று அகலமாகப் போடுங்கள், மயிருக்கும் நிழலுக்கும் இடம் வேண்டும். `Masked content` என்பதில் `original` இருக்க வேண்டும். `latent noise` என்று வைத்தால் உங்கள் கிறுக்கலை அது பார்க்கவே பார்க்காது.

அளவை 0.6 பக்கம் தொடங்குங்கள். 0.35இல் அட்டையில் வெட்டி ஒட்டிய பூனை கிடைக்கும், அதாவது உங்கள் தீட்டல் அப்படியே நிற்கும். 0.85 தாண்டினால் பழைய உட்கார்ந்த பூனை திரும்பிவிடும். நடுவில் எந்த இடம் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும்.

மாலதி:
செய்தேன். 0.6இல் வந்தது, மயிர் சிலிர்ப்பு முதற்கொண்டு! ஒரு கூத்து: தூக்கிய வாலைக் கழுத்தென்று நினைத்து அங்கே தலையை வைத்துவிட்டது. தாழ்ந்த தலை இருந்த இடத்தில் பாதம்.

கதிர்:
திட்டு மட்டும் இருந்தால் எது தலை, எது வால் என்று அதற்கு எப்படித் தெரியும்? தலை இருக்கும் இடத்தில் இரண்டு காது முக்கோணம், மூக்குப் பக்கம் ஒரு வெளுப்பு. வாலை இன்னும் மெலிதாக்குங்கள். அது போதும். கண் வரையத் தேவையில்லை, வரைந்தாலும் அழிந்துதான் போகும்.

சுந்தரம்:
அப்படியானால் கோட்டுப் படம் எதற்குமே உதவாதா?

கதிர்:
உதவும் ஐயா, ஆனால் வேறு பாதையில். கன்ட்ரோல்நெட் என்று 2023இல் வந்தது. அதில் கிறுக்கல் கோட்டைப் படிப்பதற்கென்றே தனியாகப் பயிற்றிய துணை மாதிரி ஒன்று உண்டு. அங்கே கோடு படத்தோடு கலப்பதில்லை, பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியிலும் திசை சொல்கிறது. அதனால் இரைச்சல் அளவை 1 வரை ஏற்றினாலும் உருவ நிலை கலையாது. அது கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டை எதிர்பார்க்கும். தாளில் வரைவது போல வெள்ளையில் கறுப்பாகக் கொடுத்தால் தலைகீழாக்கும் முன்செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் அதை மறந்துவிட்டுக் கருவியைத் திட்டுகிறார்கள். உங்கள் 'புனையாவரை' அங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

ஆக இரண்டு பொருள், இரண்டு சொல். வண்ணத்தால் நிரப்பியது 'பூச்சுரு'. கோட்டால் காட்டியது 'கோட்டுரு'.

ஜான்சி:
பூச்சுரு என்றதும் பூச்சி உரு என்று படித்தேன். பூனைக்குப் பதில் கரப்பான் வந்துவிடப் போகிறது.

சுந்தரம்:
'திட்டுரு' என்றால்? திட்டு என்பது வண்ணத் திட்டு. கதிரும் அந்தச் சொல்லைத்தான் விடாமல் பயன்படுத்துகிறார். இரண்டுக்கும் பொதுவாகக் 'கருவுரு' என்று ஒன்றை வைக்கலாம்.

மாலதி:
கருவுரு வேண்டாம் ஐயா. ரகரம் றகரமாகிவிட்டால் பூனை கருவுற்றுவிடும்! பொதுச்சொல்லாக 'வழியுரு' என்று போடுகிறேன்: வழிகாட்டும் உரு. பொத்தானிலும் அடங்குகிறது. அதன் கீழே திட்டுரு, கோட்டுரு. ஜான்சியின் எலும்புருவும் அங்கேயே மூன்றாவதாக உட்காரலாம்.

கதிர்:
திட்டுரு எனக்குச் சம்மதம். 'திட்டு' என்றால் வசையும் ஆகுமே என்று யாராவது வருவார்கள், வரட்டும். வழியுரு மட்டும் உறுத்துகிறது. திட்டுரு வழி காட்டுவதோடு நிற்பதில்லையே, அதன் நிறமே பூனையின் நிறமாகவும் ஆகிவிடுகிறது. சாம்பல் பூனை என்று எழுதிவிட்டு மஞ்சளாகத் தீட்டிப் பாருங்கள், 0.6இல் மஞ்சள்தான் ஜெயிக்கும். பயனர் இதை வெறும் குறிப்பு என்று நினைத்தால் ஏமாறுவார்.

மாலதி:
அந்த எச்சரிக்கையை உதவிப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். பெயருக்குள் எல்லாவற்றையும் திணிக்க முடியாது. இன்னொன்றும் பாக்கி: போஸுக்கு என்ன? 'உடல்நிலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். பூனைக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

சுந்தரம்:
'மெய்ந்நிலை' என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதையும் உண்மை நிலை என்று படிப்பார்கள். 'இருப்புநிலை' வங்கிக்குப் போய்விடும். யோசித்து எழுதுகிறேன்.

ஜான்சி:
அதுவரை 'போஸ்' என்றே இருக்கட்டுமே. என் படங்களை வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.